சேர்ந்து சிரிப்பவரின் சிரிப்பு

கேள்வி: எங்கள் டீமில் ஒருவரை ஆறு மாதமாக ஒரு பட்டப்பெயர் வைத்துக் கிண்டல் செய்கிறோம். பாசத்தில்தான். அவரும் எங்களோடு சேர்ந்து சிரிக்கிறார். ஆனால் டீமில் ஒரு பெண் மட்டும் “இது கொடுமை” என்கிறார். அவரே சிரிக்கும்போது அது எப்படிக் கொடுமையாகும்? இரண்டையும் எதை வைத்துப் பிரித்தறிவது?

பதில்: அவருடைய சிரிப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள். பல வருடங்களாகப் பணியிடப் புகார்களை விசாரிக்கும் வேலையில் இருக்கிறேன். “அவரும்தானே சிரித்தார்” என்ற வார்த்தையைக் கேட்காமல் முடிந்த விசாரணை அநேகமாக இல்லை. அதைச் சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை, அவர் சிரித்துத்தான் இருப்பார். அந்தச் சிரிப்பு எதைக் காட்டுகிறது என்று புரிந்துகொள்வதில்தான் தவறு நடக்கிறது.

ராபர்ட் ப்ரொவைன் என்ற அமெரிக்க ஆய்வாளர், மக்கள் இயல்பாகப் பேசிக்கொண்டிருக்கும்போது சிரித்த சுமார் 1,200 தருணங்களைக் கவனித்துக் குறித்துவைத்தார். அவற்றில் பெரும்பாலான சிரிப்புகள் எந்த நகைச்சுவைக்கும் பிறகு வந்தவை அல்ல, சாதாரணப் பேச்சுக்கு நடுவே வந்தவை. வேடிக்கையாக இருந்தால்தான் சிரிப்போம் என்பதில்லை. “நான் உங்களில் ஒருவன்”, “எனக்குக் கோபமில்லை”, “இதோடு விட்டுவிடுங்கள்” என்று சொல்வதற்கும் சிரிக்கிறோம். எட்டுப் பேர் சிரிக்கும் அறையில் ஒன்பதாமவர் சிரிக்காமல் இருந்தால் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். சிரித்துவிட்டால் நாலு நொடியில் பேச்சு வேறு பக்கம் போய்விடும். மாட்டிக்கொண்டவருக்குச் சிரிப்புதான் கைக்கு எட்டும் முதல் கவசம்.

நான் விசாரித்த ஒன்றைச் சொல்கிறேன். ஆட்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். அந்த டீமில் ஒரே பட்டப்பெயர் ஒருவர் வாயில் பாசமாகவும் இன்னொருவர் வாயில் கொடுமையாகவும் இருந்தது. வித்தியாசம் அந்தச் சொல்லில் இல்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கு எனக்கு வாய்த்ததில்லை.

புதிதாகச் சேர்ந்த ஓர் இளைஞர் தன் முதல் ப்ரசன்டேஷனைத் தொடங்கியபோது, கடைசியில் வரவேண்டிய “நன்றி” ஸ்லைடு முதலில் வந்து திரையில் நின்றுவிட்டது. டீம் லீட், “சரி தம்பி, நன்றி, போயிட்டு வாங்க” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், அன்றைக்கு அது உண்மையிலேயே வேடிக்கையாகத்தான் இருந்தது என்று பிறகு என்னிடம் சொன்னார். அன்று முதல் அவருக்குப் பெயர் “நன்றி”. லீடும் அப்படித்தான் கூப்பிட்டார். அதே மாதம் வேலையில் சேர்ந்து பக்கத்து இருக்கையில் இருந்த பெண்ணும் அப்படித்தான் கூப்பிட்டார். எட்டு மாதம் கழித்து அந்த இளைஞர் வேறு டீமுக்கு மாற்றம் கேட்டபோதுதான் விஷயம் என் மேசைக்கு வந்தது.

இரண்டு பேரும் சொன்னது ஒரே வார்த்தை. அந்தப் பெண் சொன்னதில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. “அவங்க கூப்பிட்டா எனக்குப் பேரு மாதிரிதான் கேக்கும்” என்றார். லீட் சொன்னதுதான் அவரைத் தூங்கவிடாமல் செய்திருக்கிறது.

இங்கே நான் முதலில் பார்த்தது அதிகாரம். அதிகாரம் என்றதும் பதவியைத்தான் நினைக்கிறோம். அதைவிட நேரான கேள்வி ஒன்று இருக்கிறது: “போதும், நிறுத்துங்க” என்று சொன்னால் அவருக்கு என்ன செலவாகும்? பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் சொன்னால் அவர் ஒரு மணி நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், அவ்வளவுதான். லீடிடம் சொன்னால்? வருட மதிப்பீடு எழுதுபவர் அவர். நல்ல ப்ராஜெக்ட் யாருக்கு என்று முடிவு செய்பவரும் அவர்தான். “விளையாட்டை விளையாட்டா எடுத்துக்கத் தெரியாதவர்” என்ற பெயர் ஒரு புது ஆளின் மேல் ஒட்டிக்கொண்டால் அதைக் கழுவ வருடங்கள் ஆகும். நிறுத்தச் சொல்ல முடியாதவரின் மௌனத்தைச் சம்மதம் என்று எண்ணக்கூடாது.

இதோடு கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி, கிண்டல் திரும்பி வருகிறதா என்பது. அந்தப் பெண் ஒருமுறை ஆன்லைன் மீட்டிங்கில் மைக்கை அணைத்து வைத்துக்கொண்டு பத்து நிமிடம் பேசியிருக்கிறார். அதிலிருந்து இவர் அவரை “மியூட்” என்று கூப்பிடுவார். “ஏய் நன்றி”, “சொல்லு மியூட்” என்று இருவருக்கும் நாள் முழுக்க ஓடும். லீடும் தவறு செய்யாதவர் இல்லை. ஒரு வாடிக்கையாளருக்குப் போக வேண்டிய மெயிலை இன்னொரு வாடிக்கையாளருக்கு அனுப்பி ஒருநாள் முழுக்க ரகளையாகியிருக்கிறது. அவருக்குப் பட்டப்பெயர் வரவில்லை. யாரோ ஒருவர் ஒரே ஒருமுறை அதைச் சொல்லிக் கிண்டல் செய்ய முயன்றாராம். அறை அமைதியானது, அதன் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. சறுக்கல் எல்லோருக்கும் உண்டு. யாருடைய சறுக்கல் பட்டப்பெயராகிறது, யாருடையது மறக்கப்படுகிறது என்று பார்த்தால் அந்த அறையின் வரைபடம் தெரிந்துவிடும்.

மானுடவியலாளர் ராட்கிளிஃப் பிரவுன் 1940-ல் கேலி உறவுகளைப் பற்றி எழுதியபோது இதைத்தான் இரண்டு வகையாகப் பிரித்தார். இருவரும் ஒருவரையொருவர் கேலி செய்துகொள்வது ஒரு வகை. ஒருவர் கேலி செய்ய, மற்றவர் பதில் சொல்லாமலோ கொஞ்சமாக மட்டும் சொல்லியோ பொறுத்துப்போவது இன்னொரு வகை. இரண்டிலும் கேலி செய்யப்படுபவர் கோபித்துக்கொள்ளக்கூடாது என்ற விதி இருக்கிறது என்றார். அந்த விதியைத்தான் நாம் கவனிக்காமல் விடுகிறோம். இருவருக்கும் அந்த விதி பொருந்தினால் அது விளையாட்டு. ஒருவர் மட்டுமே எப்போதும் அதைச் சுமந்தால், அவருடைய கோபிக்கும் உரிமை பறிபோயிருக்கிறது.

டேக்கர் கெல்ட்னரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1998-ல் வெளியிட்ட ஓர் ஆய்வும் இங்கே உதவும். அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர் சங்கம் ஒன்றில் பழைய உறுப்பினர்கள் இருவர், புதியவர்கள் இருவர் என நான்கு நான்கு பேராக உட்காரவைத்து, கொடுத்த இரண்டு எழுத்துகளில் ஒருவருக்கொருவர் பட்டப்பெயர் உருவாக்கச் சொன்னார்கள். எல்லோருக்கும் ஒரே ஆட்டம், ஒரே விதி. ஆனாலும் மேலே இருந்தவர்கள் கீழே இருந்தவர்களைக் கிண்டல் செய்த விதத்தில் கடுமை கூடியிருந்தது, கீழே இருந்தவர்கள் மேலே இருந்தவர்களைக் கிண்டல் செய்தபோது இதமாகவே செய்தார்கள். மேலே இருப்பவர் கெட்ட எண்ணத்தோடு இருக்கவேண்டிய அவசியமே இல்லை, இருக்கும் இடமே நாக்கைத் தளர்த்திவிடுகிறது.

பதவி இல்லாத இடத்திலும் இந்தச் சாய்வு உண்டு. ஒரே பதவியில் இருக்கும் எட்டுப் பேர் ஒருவரைக் கேலி செய்தால் எண்ணிக்கையே அதிகாரம். சட்டென்று பதிலடி கொடுக்க வராதவர், திக்கிப் பேசுபவர், அந்த வேலையை விட்டால் வேறு வழி இல்லாதவர், இவர்களுக்கெல்லாம் “நிறுத்துங்க” என்பதன் விலை கூடுதல். நெருங்கிய நண்பருக்கும் ஒரு தனி அதிகாரம் இருக்கிறது. எங்கே வலிக்கும் என்று அவருக்குத்தான் தெரியும். நம்பிச் சொன்ன ஒன்றை நாலு பேர் நடுவில் எடுத்துக் கிண்டலாக்கினால், பதவியில் சமமானவர் என்பதெல்லாம் அங்கே செல்லாது.

அடுத்து, நேரம். இந்த வழக்கைத் திறந்த சாவியே இதுதான். டீமில் ஒவ்வொருவரையும் தனித்தனியாக உட்காரவைத்து, “கடைசியாக அந்தப் பெயர் சொல்லிக் கேட்டது எப்போது? அதற்கு முந்தைய நிமிடம் என்ன நடந்துகொண்டிருந்தது? அடுத்த நிமிடம் என்ன நடந்தது?” என்று மட்டும் கேட்டேன். கொடுமையா பாசமா என்று யாரிடமும் அபிப்பிராயம் கேட்கவில்லை. அபிப்பிராயம் கேட்டால் எல்லோரும் தங்களைக் காப்பாற்றிக்கொள்வார்கள். நேரத்தைக் கேட்டால் நினைவிலிருப்பதைச் சொல்வார்கள்.

பக்கத்து இருக்கைப் பெண்ணின் “நன்றி” எல்லா நேரத்திலும் சிதறிக் கிடந்தது. காலையில் வரும்போது, கிளம்பும்போது, அவருடைய கோப்பில் இவர் ஒரு தவறைக் கண்டுபிடித்துக் கொடுத்தபோது. லீடின் “நன்றி” பெரும்பாலும் ஒரே இடத்தில் குவிந்திருந்தது: மீட்டிங்கில் இவர் பேச வாய் திறக்கும் கணத்தில். அதிலும் இவர் ஏதாவது ஆட்சேபம் சொல்ல வந்தபோது. “சார், இந்தத் தேதிக்குள்ள முடிக்கிறதுல ஒரு…” என்று ஆரம்பிப்பார். “நன்றி!” என்பார் லீட். சிரிப்பு எழும். அடங்கும்போது அடுத்த ஆளின் முறை வந்திருக்கும். தேதியைப் பற்றிய அந்தச் சந்தேகம் என்னவென்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. கேலி செய்த வேலையை மட்டும் பாருங்கள்: ஒருவருடைய பேச்சை முளையிலேயே நிறுத்தியிருக்கிறது, ஒவ்வொரு முறையும். அதற்குத் தாழ்ப்பாள் என்றுதான் பெயர் வைப்பேன்.

வெளியாட்கள் முன்னால் சொன்ன நேரங்களும் இருந்தன. புதிதாகச் சேர்ந்தவர்களிடமும் ஒரு வாடிக்கையாளரிடமும் “இவர்தான் எங்க நன்றி” என்று லீட் அறிமுகம் செய்திருக்கிறார். டீமுக்குள் அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கதையும், கூடவே அந்த மனிதரைப் பற்றிய மற்ற நூறு விஷயங்களும் இருக்கின்றன. வெளியாளுக்குக் கிடைப்பது அந்த ஒரு சறுக்கல் மட்டும்தான். அவருடைய முதல் அபிப்பிராயமே அதுவாகிவிடுகிறது. அந்தப் பெண் வெளியாள் யாராவது வந்தால் இவரை முழுப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டாராம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்கே அந்தப் பெயர் வலிக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பாசம் இருக்கும் இடத்தில் இந்த மாதிரி ஒரு கை தானாகவே பின்வாங்கும்.

ஒருவர் அடிபட்டிருக்கும் நேரத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். விடுப்பு மறுக்கப்பட்ட அன்று, வேலையில் திட்டு வாங்கிய அன்று, வீட்டில் சிரமம் இருக்கும் வாரத்தில் வழக்கமான கேலி நிற்கிறதா? பாசமாகக் கிண்டல் செய்பவர் அன்றைக்கு அடக்கி வாசிப்பார். அதே வேகத்தில் தொடர்ந்தால், அவர் எதிரில் இருப்பவரைப் பார்க்கவே இல்லை என்றுதான் அர்த்தம்.

இப்போதுதான் எதிர்வினைக்கு வருகிறேன், உங்கள் கேள்வி தொடங்கிய இடத்துக்கு. கேலி விழுந்த கணத்தில் வரும் முகபாவம் பெரிதாக உதவாது. வெட்கப்படும்போது மனிதர்கள் பார்வையைத் தாழ்த்துகிறார்கள், உதட்டை அழுத்திச் சிரிப்பை அடக்குகிறார்கள், தலையைத் திருப்புகிறார்கள், முகத்தைத் தொட்டுக்கொள்கிறார்கள். ஒரு சில நொடிகளில் முடிந்துவிடும். பாசமான கிண்டலுக்கும் இது வரும், அவமானத்துக்கும் வரும். அதற்குப் பிறகு அந்தப் பார்வை எங்கே போகிறது என்று நான் பார்ப்பேன். பாசமான கிண்டலில் தாழ்ந்த கண் நிமிர்ந்து கிண்டல் செய்தவரிடமே திரும்பும், பெரும்பாலும் ஒரு பதிலடியோடு. மற்றதில் அது மேசைக்கோ போனுக்கோ போய் அங்கேயே தங்கிவிடும். இன்னொன்று, யார் முதலில் சிரிக்கிறார் என்பது. இந்த இளைஞர் லீட் வாய் திறக்கும் முன்பே சிரிக்கத் தொடங்கியிருந்தார் என்று மூன்று பேர் தனித்தனியாகச் சொன்னார்கள். அடி வருவதற்கு முன்பே குனிந்துகொள்ளப் பழகிவிட்ட உடம்பு அது.

குழந்தைகள் முரட்டுத்தனமாகக் கட்டிப்புரளும்போது அது விளையாட்டா சண்டையா என்று பார்ப்பவர்களுக்கே குழப்பமாக இருக்கும். இதை ஆராய்ந்தவர்கள் சொல்லும் நம்பகமான அடையாளங்களில் ஒன்று, முடிந்த பிறகு என்ன நடக்கிறது என்பது. விளையாட்டாக இருந்தால் சேர்ந்தே இருப்பார்கள், அடுத்த ஆட்டத்துக்குப் போவார்கள். சண்டையாக இருந்தால் பிரிந்து போவார்கள். பெரியவர்கள் அலுவலகத்தில் எழுந்து போக முடியாது. அதனால் அவர்களுடைய பிரிந்து போதலுக்கு வேறு வடிவங்கள் இருக்கின்றன, அவற்றைக் காண வாரக்கணக்கில் பார்க்க வேண்டும். இந்த இளைஞர் முதல் இரண்டு மாதம் மீட்டிங்கில் நன்றாகப் பேசியிருக்கிறார். நான்காம் மாதத்தில் கருத்துகளை மீட்டிங் முடிந்த பிறகு மெயிலில் அனுப்பத் தொடங்கினார். பிறகு பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் “இதை நீ கேட்டுடேன்” என்று கொடுத்தனுப்பினார். கடைசியில் ஆன்லைன் மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு மீட்டிங்கிலும் சிரித்தார். கூடவே, ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனார். இரண்டும் ஒரே எட்டு மாதத்தில் நடந்தன.

லீடைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்வியிலும் “பாசத்தில்தான்” என்ற சொல் இருக்கிறது. அவர் கெட்டவர் இல்லை. அந்த இளைஞரை அவருக்குப் பிடித்திருந்தது, வேலைக்கு எடுத்தவரே அவர்தான். “அவனை என் தம்பி மாதிரி நினைச்சேன்” என்று சொல்லும்போது குரல் தழுதழுத்தது, நான் அதை நம்பினேன். கிண்டல் செய்பவருக்குத் தன் எண்ணம் உள்ளுக்குள் கேட்டுக்கொண்டே இருக்கிறது, அதனால் கிண்டல் இதமாகத் தெரிகிறது. எதிரில் இருப்பவருக்குச் சொன்ன சொல் மட்டும்தான் கேட்கிறது. ஜஸ்டின் க்ரூகரும் உடன் ஆய்வாளர்களும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில் இந்த இடைவெளியைத்தான் கண்டார்கள். செய்பவர் தன் கிண்டலை எவ்வளவு இதமானது என்று மதிப்பிடுகிறாரோ, வாங்குபவருக்கு அது அவ்வளவு இதமாகப் படுவதில்லை. ஆகவே நல்ல எண்ணம் என்பதை நான் குறித்துக்கொள்வேன், ஆனால் அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

எண்ணம் எப்போது முக்கியமாகிறது என்றால், வலிக்கிறது என்று தெரிந்த பிறகு. நெருங்கியவர்கள் கிண்டலில் எல்லை தாண்டிவிடுவது சகஜம். “ஐயோ, தப்பாச் சொல்லிட்டேன்” என்று அன்றே சரிசெய்துவிட்டால் அது காயம்தான், கொடுமை இல்லை. தெரிந்த பிறகும் “இதுக்கெல்லாமா கோபம்?” என்று அந்தக் கோபத்தையே அடுத்த கிண்டலாக்கினால் பெயர் மாறிவிடுகிறது.

இந்த அளவுகோல்கள் தடுமாறும் இடங்களும் உண்டு. சிலருக்கு முகத்தில் எதுவும் தெரியாது. சிலர் இயல்பாகவே மீட்டிங்கில் பேச மாட்டார்கள், அதற்குக் கேலி காரணமில்லை. ஆகவே ஒருவரை மற்றவர்களோடு ஒப்பிடாதீர்கள், அந்தப் பட்டப்பெயருக்கு முந்தைய அவரோடு ஒப்பிடுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் காது கூசும் அளவுக்குத் திட்டிக்கொள்ளும் நண்பர்கள் இருக்கிறார்கள். இருவரும் சமமாகக் கொடுத்து வாங்கி, தேடிப்போய்ச் சேர்ந்து உட்கார்ந்தால், சொல் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் அதில் தலையிட எனக்குக் காரணம் இல்லை.

உங்கள் டீமுக்கு வருவோம். அவரைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் “உனக்கு வருத்தம் இல்லையே?” என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு “இல்லை” என்ற ஒரு பதில்தான் உண்டு, சொல்லும்போது சிரிக்கவும் செய்வார். அவர் மீது அதிகாரம் உள்ளவர் தனியாகக் கேட்டாலும் அதே பதில்தான் வரும். கேட்காமலேயே இரண்டு மூன்று வாரம் நிறுத்திப் பாருங்கள். அறிவிப்பு வேண்டாம், “இனிமே கூப்பிட மாட்டோம்பா” என்பதே இன்னொரு கேலியாகிவிடும். அவருக்கு அது உண்மையில் செல்லப்பெயராக இருந்தால் அவரே அதைத் திரும்பக் கொண்டுவருவார், தன்னைத் தானே அப்படிச் சொல்லிக்கொள்வார், அல்லது “என்ன, எல்லோருக்கும் என்னாச்சு?” என்று கேட்பார். நான் சொன்ன டீமில் லீட் நிறுத்தியபோது நடந்தது வேறு. முதல் மீட்டிங்கில் அந்த இளைஞர் பேச ஆரம்பித்துவிட்டுப் பாதியில் நிறுத்தினாராம், வழக்கமான சிரிப்புக்கு இடம் விடுவதுபோல. சிரிப்பு வரவில்லை. ஒரு நொடி சுற்றிப் பார்த்துவிட்டு மீதியைச் சொல்லி முடித்தார். அதற்குப் பிறகு பல மாதங்கள் கழித்தும் அவர் அந்த இடத்தில் நிறுத்துவது போகவில்லை என்று பக்கத்து இருக்கைப் பெண் சொன்னார். அவர் மட்டும் இன்னமும் அவரை “நன்றி” என்றுதான் கூப்பிடுகிறார். நிறுத்தட்டுமா என்று கேட்டதற்கு “நீ நிறுத்தினா நான் மியூட்டை நிறுத்தணும், அது முடியாது” என்றாராம்.

இன்னொரு வேலையும் உங்களுக்கு இருக்கிறது. “இது கொடுமை” என்று சொன்ன பெண்ணிடம் போய், ஏன் அப்படி நினைக்கிறாய் என்று வாதாடாமல், எந்த நாள், எந்த நேரம், யார் சொன்னபோது, அடுத்து அவர் என்ன செய்தார் என்று கேளுங்கள். நீங்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது அவர் ஒருவர்தான் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.